நான்கு கட்டமும் மூன்றுக்கு ஒன்றும்: மரபியல் கலப்புக் கட்டத்தைப் போட்டு விகிதத்தைச் சரியாக எழுதும் முறை

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பி.யு.சி. பிள்ளைகளுக்கும் உயிரியல் சொல்லித் தருகிறேன். மரபியல் பாடத்தில் வரும் நான்கு கட்டத்தை வரையத் தெரியாத பிள்ளைகள் அரிது. கட்டத்தை ஒழுங்காக நிரப்பிவிட்டு, அதற்குக் கீழே எழுத வேண்டிய ஒற்றை வரியில் மதிப்பெண்ணைத் தவறவிடும் பிள்ளைகளே அதிகம். எந்த விகிதத்தைக் கேட்கிறார்கள், எதற்கு எது என்று எழுதுவது, அந்த எண்களுக்கு என்ன பொருள் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் கட்டம் போடுவதைச் சற்று விரைவாகவும், விகிதம் சொல்வதை நிதானமாகவும் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பட்டாணி விதையின் மஞ்சள் நிறமும் பச்சை நிறமும்.

முதலில் பட்டாணியை உரித்துப் பாருங்கள்

மளிகைக் கடையில் காய்ந்த மஞ்சள் பட்டாணியும் காய்ந்த பச்சைப் பட்டாணியும் தனித்தனியே கிடைக்கும். இரண்டிலும் ஒரு பிடி எடுத்து இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் தோலை நீக்கினால், உள்ளே இரண்டு பருப்புகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவைதான் விதையிலைகள். நாம் பேசும் நிறம் இந்தப் பருப்பின் நிறமே தவிர, மேல்தோலின் நிறம் அன்று. தோல் தாய்ச்செடியின் உடலைச் சேர்ந்தது. பருப்போ பிறந்துவிட்ட அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. ஆகவே ஒரு காய்க்குள் வரிசையாக இருக்கும் ஏழெட்டுப் பட்டாணிகளும் உடன்பிறந்தவை. ஒவ்வொரு விதையும் தனியொரு பிள்ளை என்பதால், அதை நட்டு வளர்க்காமலேயே, காயை உரித்த இடத்திலேயே அடுத்த தலைமுறையை எண்ணிவிடலாம்.

சமையலுக்கு உரிக்கும் பச்சைக் காயில் எல்லா விதைகளும் பச்சையாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். அது இளம் காய். முற்றிக் காயும்போது மஞ்சள் வகையில் பச்சையம் சிதைந்து மறைகிறது. பச்சை வகையில் அப்படிச் சிதைவதில்லை. சிதைப்பதற்குத் தேவையான ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணு பச்சை வகையில் பழுதாகியிருப்பதே காரணம். விதைக்குள் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாய்வழி வந்தது, மற்றொன்று தந்தைவழி வந்தது. பிரதியின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல் என்கிறோம். பச்சையத்தைச் சிதைக்கும் வேலைக்கு ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதும். அதனால் ஒரு பிரதி நல்லதாகவும் மற்றொன்று பழுதானதாகவும் இருக்கும் விதையும் மஞ்சளாகவே காய்கிறது. இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே விதை பச்சையாக நிற்கும். இந்த வகையில் மஞ்சள் ஓங்கு பண்பு, பச்சை ஒடுங்கு பண்பு.

ஓங்கு என்ற சொல்லைக் கேட்டதும் வலிமையானது, சிறந்தது, எங்கும் மிகுதியாகக் காணப்படுவது என்றெல்லாம் பிள்ளைகள் பொருள்கொள்கிறார்கள். இரண்டு அல்லீல்களும் ஒன்றாக இருக்கும்போது எது வெளியே தெரிகிறதோ அது ஓங்கு. அதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. ஒரு வயலில் எல்லாமே பச்சைப் பட்டாணியாக இருந்தாலும் பச்சை ஒடுங்கு பண்பாகவே இருக்கும்.

எழுத்தைத் தேர்ந்தெடுப்பது

ஓங்கு பண்பின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதல் எழுத்தை எடுத்து, ஓங்கு அல்லீலைப் பெரிய எழுத்தாலும் ஒடுங்கு அல்லீலை அதே எழுத்தின் சிறிய வடிவத்தாலும் குறிப்பது வழக்கம். தமிழ் எழுத்துகளில் பெரியது சிறியது என்ற வேறுபாடு இல்லாததால் ரோமன் எழுத்தையே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. மஞ்சளுக்கு `Y`, பச்சைக்கு `y`. பச்சைக்கு `G` என்று வேறோர் எழுத்தை எடுப்பது தவறு, ஏனென்றால் `Y`, `G` என்று எழுதினால் அவை ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள் என்ற செய்தி மறைந்துவிடும். கையெழுத்தில் பெரிய `Y`-யும் சிறிய `y`-யும் ஒன்றுபோலவே விழும் பிள்ளைகளிடம், சிறிய எழுத்தின் வாலைக் கோட்டுக்குக் கீழே நன்றாக இறக்கி எழுதச் சொல்கிறேன். அதுவும் முடியாவிட்டால் `A`, `a` என்று எடுத்துக்கொண்டு, எது எதைக் குறிக்கிறது என்று மேலே ஒரு வரி எழுதிவிடலாம்.

இரண்டு எழுத்துகளும் சேர்ந்தது மரபணு ஆக்கம்: `YY`, `Yy`, `yy`. கண்ணுக்குத் தெரியும் நிறம் புறத்தோற்றம். `YY`, `Yy` இரண்டும் மஞ்சள். `yy` மட்டும் பச்சை. இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் தூய வகை, வேறாக இருந்தால் கலப்பு வகை. கலைச்சொற்கள் இவ்வளவு போதும்.

கட்டத்தின் ஓரத்தில் வருவது இனச்செல்

தூய மஞ்சளையும் பச்சையையும் கலந்தால் பிறக்கும் விதைகள் எல்லாம் `Yy`, எல்லாம் மஞ்சள். அந்த விதைகளை நட்டு, வளரும் செடிகளைத் தம்முள்ளே மகரந்தச் சேர்க்கை செய்ய விட்டால் என்ன ஆகும் என்பதுதான் நம் கணக்கு. அதாவது `Yy × Yy`.

இங்கே முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பெற்றோரும் எந்தெந்த இனச்செல்லை உண்டாக்க முடியும் என்று தனியே எழுதுவது. இனச்செல் உருவாகும்போது இணையாக இருந்த இரண்டு பிரதிகளும் பிரிந்து, ஒவ்வொரு இனச்செல்லுக்கும் ஒரு பிரதி மட்டுமே போகிறது. ஆகவே `Yy` செடியின் இனச்செல்களில் பாதி `Y`-யையும் பாதி `y`-யையும் சுமக்கின்றன. இந்த வரியை எழுதாமல் நேரே கட்டத்துக்குப் போகும் பிள்ளைகள், பெற்றோரின் `Yy` முழுவதையும் ஒரு கட்டத்தின் தலையில் வைத்துவிடுகிறார்கள். அப்போது கட்டத்துக்குள் `YYyy` என்று நான்கு எழுத்துகள் வந்து நிற்கும். உள்ளே மூன்று அல்லது நான்கு எழுத்துகளைக் கண்டால், பிழை ஓரத்தில் நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு பெற்றோரின் இனச்செல்களை மேலேயும் மற்றவரின் இனச்செல்களை இடப்பக்கத்திலும் எழுதி, மேலிருந்து ஓர் எழுத்தையும் பக்கத்திலிருந்து ஓர் எழுத்தையும் உள்ளே சேர்க்க வேண்டும்.

```
         Y      y
   Y     YY     Yy
   y     Yy     yy
```

இடக்கீழ்க் கட்டத்தில் `yY` என்று விழுந்தாலும் பெரிய எழுத்தை முன்னே வைத்து `Yy` என்றே எழுதுவது முறை. அல்லீல் எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதால் விதையின் நிறம் மாறுவதில்லை. இரண்டையும் இரு வேறு வகைகளாக எண்ணிவிட்டால் விகிதம் குலைந்துவிடும்.

இந்தக் கட்டத்தை மெண்டல் வரைந்ததில்லை. புருனோ நகரத்து மடாலயத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணியை வளர்த்து, 1866-இல் முடிவுகளை அச்சிட்ட அவர், இதே செய்தியை `A + 2Aa + a` என்று ஒரு கோவையாகத்தான் எழுதினார். இன்று நாம் போடும் கட்டம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரெஜினால்ட் புன்னட் கொண்டுவந்தது. அதனால்தான் பாடநூல்கள் இதைப் புன்னட் கட்டம் என்கின்றன.

ஒரு கட்டம், இரண்டு விகிதங்கள்

கட்டத்துக்குள் `YY` ஒன்று, `Yy` இரண்டு, `yy` ஒன்று. இதை எழுத்தாக எண்ணினால் மரபணு ஆக்க விகிதம் கிடைக்கும். நிறமாக எண்ணினால் புறத்தோற்ற விகிதம் கிடைக்கும். கேள்வித்தாளில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, பெயரோடு சேர்த்து எழுத வேண்டும்:

```
YY : Yy : yy     =  1 : 2 : 1
மஞ்சள் : பச்சை   =  3 : 1
```

வெறுமனே 3:1 என்று எழுதுவது அரை விடை. எது மூன்று, எது ஒன்று என்று சொல்லாத விகிதத்தைத் திருத்துபவர் தலைகீழாகவும் படிக்கலாம். முழுப் பரீட்சையில் `Yy × Yy` கணக்குக்கு 1:2:1 என்று மட்டும் எழுதி, புறத்தோற்றத்தைக் கேட்ட கேள்விக்கு விடை எழுதிவிட்டதாக நினைத்த மாணவியின் தாளைப் பார்த்திருக்கிறேன். கட்டம் பழுதில்லை, நிறத்தை எண்ணத்தான் மறந்துவிட்டாள்.

விகிதத்தைப் பின்னமாக மாற்றும்போது அடுத்த வழுக்கல் நேர்கிறது. மஞ்சளுக்குப் பச்சை 3:1 என்றால் பச்சையின் பங்கு மூன்றில் ஒன்று என்று எழுதிவிடுகிறார்கள். விகிதத்தின் உறுப்புகளைக் கூட்டினால் வருவதே முழுமை. 3-உம் 1-உம் சேர்ந்தால் 4. ஆகவே பச்சை நான்கில் ஒன்று, அதாவது 25 சதவீதம், மஞ்சள் நான்கில் மூன்று, 75 சதவீதம். பச்சை, மஞ்சளில் மூன்றில் ஒரு பங்கு அளவு இருக்கிறது என்று சொன்னால் அது சரி. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னால் பிழை. இரண்டு வாக்கியத்துக்கும் நடுவிலுள்ள வேறுபாடு ஒரு சொல் அளவுதான், ஆனால் விடை வேறு.

எண்களைச் சுருக்கியும் எழுத வேண்டும். `Yy × yy` என்ற கலப்பில் கட்டத்துக்குள் `Yy` இரண்டும் `yy` இரண்டும் வரும். அதை 2:2 என்று விடாமல் 1:1 என்று எழுதுகிறோம். `YY × yy` கலப்பில் நான்கு கட்டமும் `Yy` என்பதால் 4:0 என்று எழுதுவதைக் காட்டிலும் "அனைத்தும் மஞ்சள், அனைத்தும் `Yy`" என்று ஒரு வாக்கியமாக எழுதுவது தெளிவு. தூய பெற்றோரின் இனச்செல் ஒரே வகை என்பதால் அதை ஒரே முறை எழுதி, இரண்டு கட்டத்தில் அல்லது ஒரே கட்டத்தில் கணக்கை முடித்துவிடலாம். நான்கு கட்டம் கட்டாயம் அன்று.

நான்கு விதையில் மூன்று மஞ்சளா?

இப்போது விகிதத்தின் பொருள். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், கட்டம் நாலு இருக்கு, அப்ப காயில நாலு பட்டாணி இருந்தா மூணு மஞ்சள், ஒண்ணு பச்சை, அவ்வளவுதானே?" என்று கேட்டான். அவனிடம் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தில் `Y` என்றும் மறுபக்கத்தில் `y` என்றும் எழுதிய சிறு தாளை ஒட்டச் சொன்னேன். ஒரு நாணயம் ஒரு பெற்றோர்; மேலே விழும் எழுத்து அந்தப் பெற்றோரின் இனச்செல்; இரண்டும் சேர்ந்தது ஒரு விதை. நாற்பது முறை சுண்டிவிட்டு எழுதியதில் `yy` பதின்மூன்று முறை விழுந்திருந்தது. பத்துதான் வர வேண்டும் என்று நாணயத்தின் மேல் சந்தேகப்பட்டான். நாணயத்தில் குறையில்லை. கட்டம் சொல்வது ஒவ்வொரு விதைக்கும் உள்ள வாய்ப்பை: ஒவ்வொரு விதையும் பச்சையாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு, முன்னே பிறந்த விதை எந்த நிறம் என்பது அடுத்த விதைக்குத் தெரியாது.

நான்கு விதைகள் மட்டும் உள்ள காயைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சரியாக மூன்று மஞ்சளும் ஒரு பச்சையும் அமைய, பச்சை எந்த இடத்தில் வரலாம் என்பதற்கு நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொரு வழிக்கும் வாய்ப்பு மூன்று முறை 3/4-உம் ஒரு முறை 1/4-உம் பெருக்கியது.

```
4 × (3/4)(3/4)(3/4)(1/4) = 27/64 ≈ 0.42
நான்கும் மஞ்சள் : (3/4)(3/4)(3/4)(3/4) = 81/256 ≈ 0.32
```

நான்கு விதைக் காய்களில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே அச்சுப்போல் மூன்றுக்கு ஒன்று அமையும். ஏறத்தாழ மூன்றில் ஒரு காயில் பச்சையே இருக்காது. இந்த இரண்டு எண்களையும் கண்ட பிறகு அந்தப் பையன் காயைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு விதையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

மெண்டலின் குறிப்புகளே இதற்கு நல்ல சான்று. கலப்பு வகைச் செடிகள் 258-இலிருந்து அவர் எடுத்த விதைகள் 8,023. அவற்றில் மஞ்சள் 6,022, பச்சை 2,001. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் 3.01 வருகிறது, அதாவது 3.01:1. இதை 3:1 என்று சொல்வதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. ஆனால் அதே செடிகளில் ஒன்று 32 மஞ்சள் விதைகளும் ஒரே ஒரு பச்சை விதையும் கொடுத்தது. மற்றொன்று 20 மஞ்சளும் 19 பச்சையும் கொடுத்தது. இரண்டாவது செடியை மட்டும் பார்த்தவர் 1:1 என்று எழுதியிருப்பார். செடி ஒவ்வொன்றிலும் விகிதம் இப்படி ஆடுவதை மெண்டல் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கை கூடக் கூட ஆட்டம் அடங்கி 3:1 தெளிந்தது.

ஆகையால் செய்முறையில் எண்ணிப் பெற்ற விகிதத்தையும் கட்டத்திலிருந்து எதிர்பார்க்கும் விகிதத்தையும் தனித்தனியே எழுதுவது நல்லது. 14 மஞ்சளும் 9 பச்சையும் எண்ணினால் கண்ட விகிதம் 1.56:1. இது 3:1-இன் ஆட்டமா, 1:1-இன் ஆட்டமா? இருபத்து மூன்று விதைகளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது, இரண்டுமே நடக்கக்கூடியவை. அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தள்ளி 2:1 என்று எழுதுவது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் இந்த இரு கலப்பிலும் அப்படியொரு விகிதமே கிடையாது. இன்னும் விதைகளை எண்ண வேண்டும், அல்லது பெற்றோர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணும்போது நேரும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நெடுநேரம் கிடந்த பச்சைப் பட்டாணி வெளுத்து, மேலோட்டமாகப் பார்த்தால் மஞ்சளைப்போல் தெரியும். ஐயமுள்ள விதையைப் பிளந்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும். கடையில் இரண்டு வகைப் பட்டாணியும் கலந்த பொட்டலம் கிடைத்தால் அதை எண்ணி விகிதம் காண முயல வேண்டாம். அது கடைக்காரர் கலந்த விகிதம், செடியின் விகிதம் அன்று.

மஞ்சளாகப் பிறந்த பின் கேட்கும் கேள்வி

தேர்வில் பிள்ளைகளைக் கவிழ்க்கும் கேள்வி இது: `Yy × Yy` கலப்பில் பிறந்த ஒரு மஞ்சள் விதை கலப்பு வகையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? கட்டத்தைப் பார்த்து நான்கில் இரண்டு, அதாவது பாதி என்று எழுதுகிறார்கள். ஆனால் விதை மஞ்சள் என்று கேள்வியே சொல்லிவிட்டது. அப்படியானால் `yy` கட்டத்தைப் பென்சிலால் அடித்துவிட வேண்டும். மீதி மூன்று கட்டங்கள். அவற்றில் இரண்டு `Yy`. விடை மூன்றில் இரண்டு. இந்த வகைக் கேள்வி வந்தால் உண்மையாகவே கட்டத்தை அடிக்கச் சொல்கிறேன். மனத்தால் அடித்தவர்கள் மீண்டும் நான்கால் வகுத்துவிடுகிறார்கள்.

இதையும் மெண்டல் சோதித்துப் பார்த்தார். மஞ்சள் விதைகளை நட்டு வளர்த்த 519 செடிகளில் 166 செடிகள் மஞ்சள் விதைகளை மட்டுமே கொடுத்தன. 353 செடிகள் மஞ்சளும் பச்சையும் கலந்து கொடுத்தன. முதல் வகை `YY`, இரண்டாம் வகை `Yy`. அதாவது 3:1 என்ற விகிதத்தில் நிற்கும் அந்த மூன்றுக்குள் 1:2 மறைந்திருக்கிறது.

இதே கணக்கு மனிதர்களிலும் வருகிறது. தலசீமியா நோயின் கடுமையான வடிவம் ஒடுங்கு முறையில் வருவது. தாயும் தந்தையும் நோயில்லாத சுமப்பாளர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூவருக்கு வராது என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. நாணயத்துக்கு நினைவில்லை என்பதை மேலே பார்த்தோம், அடுத்த குழந்தைக்கும் வாய்ப்பு அதே நான்கில் ஒன்றுதான். நோயற்ற அண்ணனோ தங்கையோ சுமப்பாளராக இருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. கட்டம் வாய்ப்பை மட்டும் சொல்லும். அந்தத் தங்கை சுமப்பாளரா இல்லையா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

விடையிலிருந்து பெற்றோரைக் கண்டுபிடிப்பது

ஒரு மஞ்சள் விதையிலிருந்து வளர்ந்த செடி `YY`-யா `Yy`-யா என்று பார்வையால் தெரியாது. அதைப் பச்சை விதையிலிருந்து வளர்ந்த செடியோடு கலப்பதைச் சோதனைக் கலப்பு என்கிறோம். பச்சைப் பெற்றோர் `y`-யை மட்டுமே தர முடியும் என்பதால், பிள்ளையின் நிறம் மற்ற பெற்றோரின் இனச்செல்லை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

```
         Y      y                  Y      Y
   y     Yy     yy           y     Yy     Yy
       1 : 1                    அனைத்தும் மஞ்சள்
```

ஒரே ஒரு பச்சை விதை கிடைத்தாலும் வழக்கு முடிந்தது; அந்தச் செடி `Yy`. பச்சை ஒன்றும் கிடைக்காவிட்டால் முடிவுக்கு வர எத்தனை விதை பார்க்க வேண்டும் என்பது நல்ல கேள்வி. `Yy` செடியிலிருந்து ஒரு விதை மஞ்சளாக அமைய வாய்ப்பு பாதி. ஐந்து விதைகளும் மஞ்சளாக அமைய 1/32, ஏறத்தாழ 3 சதவீதம். ஏழு விதைகளும் மஞ்சளாக அமைய 1/128, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு விதைகளைப் பார்த்துவிட்டுத் தூய வகை என்று எழுதுவது அவசரம், ஏனென்றால் செடி `Yy`-யாக இருந்தாலும் நான்கில் ஒரு முறை இரண்டு விதைகளும் மஞ்சளாகவே அமையும். ஒரு முழுக் காய், ஏழெட்டு விதைகள், எல்லாம் மஞ்சள் என்றால் `YY` என்று துணிந்து எழுதலாம்.

இந்தக் கட்டம் எங்கே பொருந்தாது

ஒற்றை மரபணு தீர்மானிக்கும் பண்பென்றால் கட்டம் சரியாகவே இருக்கும். 3:1 மட்டும் எப்போதும் வராது. நம் தெருக்களில் மாலையில் பூக்கும் அந்தி மந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் பிறப்பது இளஞ்சிவப்பு, ஏனென்றால் அங்கே ஒரு பிரதி உண்டாக்கும் நிறமி முழுச் சிவப்புக்குப் போதவில்லை. இளஞ்சிவப்பை இளஞ்சிவப்போடு கலந்தால் கட்டம் மேலே கண்ட அதே கட்டம்தான், ஆனால் கலப்பு வகை கண்ணுக்குத் தனியாகத் தெரிவதால் புறத்தோற்ற விகிதமும் சிவப்பு : இளஞ்சிவப்பு : வெள்ளை = 1:2:1 ஆகிறது. இந்தக் கணக்கில் பழக்கத்தால் 3:1 என்று எழுதுபவர்கள் நிறத்தை எண்ணாமல் மனப்பாடத்தை எழுதுகிறார்கள்.

நாக்கைச் சுருட்டுவதும் காது மடல் ஒட்டியிருப்பதும் ஒற்றை மரபணுப் பண்புகள் என்று சொல்லி, வகுப்பில் எல்லோரையும் நாக்கை நீட்டச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிலேயே ஒருவர் நாக்கைச் சுருட்டி மற்றவர் சுருட்ட முடியாமல் இருப்பதுண்டு. காது மடலோ பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது. அதை வைத்துக் கட்டம் போட்டு, "அப்பா அம்மா இருவருக்கும் வராதது உனக்கு எப்படி வந்தது" என்று ஒரு பிள்ளையைக் கேட்பது வீண் வம்பு. என் வகுப்பில் நாக்குக்கு இடமில்லை. ஊறவைத்த பட்டாணியும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும்தான் மேசைமேல் இருக்கும்.